நடந்தவர்கள் உட்கார்ந்த இடம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தை என்று ஓர் ஊர் இருக்கிறது. பேரூராட்சிப் பலகையில் திங்கள்நகர் என்று எழுதியிருக்கும். பழைய ஆட்கள் இன்றும் சந்தை என்றுதான் சொல்வார்கள். பக்கத்துக் கிராமத்தில் ஏத்தன் வாழையும் மரச்சீனியும் போடும் ஒரு பாட்டிக்கு, அந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்று விளக்க வேண்டிய வேலை ஒருநாள் வந்து சேர்ந்தது.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “பாட்டி, திங்கச்சந்தையக் கட்டுனது எந்த ராஜா?” என்று கேட்டாள்.

“எந்த ராஜாவும் கெட்டல்ல மக்களே. நடந்தே உண்டான ஊரு அது.”

“நடந்தா ஊரு வருமா?”

பாட்டி பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். அவருடைய அம்மா தலையில் வாழைக்குலை சுமந்து திங்கட்கிழமை தோறும் அந்தச் சந்தைக்கு நடந்தவர். சிறுமியாக இருந்தபோது இவரும் கூடவே ஒரு சீப்பைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். எல்லாம் தெரிந்த கதைதான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லும்படி அது வாயில் வரவில்லை.

ஊர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது, “அப்படின்னா எழுதிக் குடுங்கம்மா, நாம படப்புத்தகமா செஞ்சிரலாம்” என்றார். பத்தாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் படம் போடுவதாக ஒப்புக்கொண்டான். ஏ4 தாள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் மடித்து, மடிப்பில் பின் அடித்தால் 16 பக்கம். முன்னட்டை, பின்னட்டை போக மீதி 14. புத்தகத்தை விரித்தால் எதிரெதிராக இரண்டு பக்கம் தெரியும் அல்லவா, அப்படி ஏழு விரிப்புகள். கதை அந்த ஏழுக்குள் அடங்க வேண்டும்.

பரிமாறினது யாருக்கு?

முதல் பிரதி நாலு முழுத்தாள் வந்தது. “சந்தை என்பது மக்கள் தங்கள் பொருள்களைப் பரிமாறிக்கொள்ளும் இடம்” என்று தொடங்கியது. ஆசிரியை அதை முதல் வகுப்பில் வாசித்துக் காட்டினார். ஒரு பையன் உடனே கேட்டான்: “டீச்சர், யாருக்குச் சோறு பரிமாறுனாங்க?”

பாட்டி பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பரிமாறுவது என்றால் பிள்ளைகளுக்கு இலையில் சோறு வைப்பதுதான். மூன்றாவது வரியில் இரண்டு பேர் ஜன்னலைப் பார்த்தார்கள். ஐந்தாவது வரியில் முன்வரிசைப் பிள்ளை கையை நீட்டித் தாளைத் தானே திருப்பிவிட்டது. சின்னப் பிள்ளைகள் ‘போதும்’ என்று வாயால் சொல்வதில்லை, பக்கத்தைத் திருப்பிச் சொல்கிறார்கள். எங்கே திருப்புகிறார்களோ, அதற்கு மேல் உள்ளதெல்லாம் அதிகப்படி என்று ஆசிரியை கணக்குச் சொன்னார். ஒரு விரிப்புக்கு மூன்று, நான்கு வரிகளுக்கு மேல் தாங்காது. படத்தில் தெரிவதை வரியில் சொல்லத் தேவையில்லை. படத்தில் காட்ட முடியாத காரணத்தை மட்டும் வரி சொன்னால் போதும்.

‘சந்தை என்பது’ என்று விளக்கம் சொல்லும் வரி போனது. சந்தை ஏன் வந்தது என்பதிலிருந்து மறுபடி தொடங்கினார். அதற்கு அந்த மண்ணே பதில் வைத்திருந்தது. தெற்கே குளச்சல், மணவாளக்குறிச்சிக் கடற்கரை. அங்கே மீனும் கருவாடும் உண்டு, வாழைத்தோட்டம் கிடையாது. வடக்கே வாழையும் மரச்சீனியும் தேங்காயும் கருப்பட்டியும் உண்டு, மீன் கிடையாது. திங்கள்சந்தை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து சுமையோடு நடந்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

முதல் விரிப்பு இப்படி வந்தது:

*கடலில் மீன் இருக்கிறது. வாழைப்பழம் இல்லை.*
*தோட்டத்தில் வாழைப்பழம் இருக்கிறது. மீன் இல்லை.*

இரண்டாவது:

*மீன்காரி வடக்கே நடந்தாள்.*
*வாழைக்காரி தெற்கே நடந்தாள்.*
*நடுவில் ஒரு மரம்.*

இதைக் கேட்டதும் பிள்ளைகள் அடுத்த பக்கத்துக்காகக் காத்திருந்தார்கள். என்ன நடக்கப்போகிறது என்பது அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

மூன்றாவது விரிப்பில் ஒரு கல்

சந்தைக்குப் போகும் வழியில் சுமைதாங்கிகள் இருந்ததைப் பாட்டி கண்ணால் பார்த்திருக்கிறார். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்கள். ஆள் உயரம் இருக்கும். ஓர் ஏத்தன் குலை பத்துப் பன்னிரண்டு கிலோ. இரண்டு குலையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவர், சுமையைக் கீழே இறக்கிவிட்டால் தனியாளாகத் திரும்பத் தூக்க முடியாது. யாராவது கைகொடுக்க வேண்டும். சுமைதாங்கியில் என்றால் குனியாமலே சுமையைத் தள்ளி வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அப்படியே தலையை நுழைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் அது ஆள் உயரத்தில் இருக்கிறது.

பையன் முதலில் போட்டு வந்த சுமைதாங்கி இடுப்பு உயரத்துக்குத்தான் இருந்தது, பார்க்க ஒரு பெஞ்சு மாதிரி. “இதுல எப்பிடிடே சுமட்ட எறக்குவ? முதுகு ஒடிஞ்சிரும்” என்று பாட்டி எழுந்து நின்று, தலைக்கு மேல் கையை வைத்து அளவு காட்டினார். அவன் திரும்ப வரைந்தான்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. அவள் இறக்காமல் போன சுமையை வழிப்போக்கர்களாவது இறக்கி வைக்கட்டும் என்பது நம்பிக்கை. அதைப் புத்தகத்தில் எழுதுவதா என்று பாட்டியும் ஆசிரியையும் ஒரு மாலை முழுவதும் பேசினார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாரம் வேண்டாம் என்று முடிவானது. படத்தில் கல் மட்டும் இருக்கிறது, அதன் மேல் யாரோ வைத்த ஒரு செம்பருத்திப்பூவும் இருக்கிறது. தெரிந்தவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

*மீன்காரி சுமையை இறக்கினாள்.*
*வாழைக்காரி சுமையை இறக்கினாள்.*
*நீ கொஞ்சம் எடு. நான் கொஞ்சம் எடுக்கிறேன்.*

நான்காவது விரிப்புக்கு ஒரே கேள்வி. இது ஏன் திங்கட்கிழமை? பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது, பாட்டிக்கு அம்மாவின் அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. சந்தை இல்லாத ஒருநாள் தோட்டத்தில் இரண்டு குலை முன்கூட்டியே பழுத்துவிட்டன. அம்மா அவற்றைச் சுமந்துகொண்டு வீதிவீதியாகப் போனார். கேட்டது ஒரே ஒருவர்தான். அவர் சொன்னதுதான் விலை. பழுத்த குலையைத் திரும்பச் சுமந்து வந்தால் மறுநாள் கறுத்துவிடும். பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

ஒரே கிழமையில் எல்லாரும் வந்தால் கேட்க ஒருவர் இருந்த இடத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். மீன்காரிக்கும் அதே கதைதான், அவள் மீன் வாழைப்பழம் அளவுக்குக்கூடக் காத்திருக்காது. கிழமை என்பது ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு. அந்த வாக்கு இல்லையென்றால் மரத்தடி வெறும் மரத்தடிதான்.

*“இனி எப்போது வருவாய்?”*
*“திங்கட்கிழமை.”*
*“நானும் வருவேன். எல்லாரிடமும் சொல்.”*

வளையல்காரரின் கணக்கு

இதுவரை சந்தை வந்துவிட்டது, ஊர் வரவில்லை. சாயங்காலம் ஆனால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், மறுநாள் அந்த இடத்தில் வாழைச்சருகும் மாட்டுச்சாணமும்தான் கிடக்கும். வாரத்தில் ஒருநாள் கூடிக் கலையும் இடம் எப்படி ஊராகிறது? புத்தகம் இரண்டு வாரம் இங்கேயே நின்றது.

முடிச்சை அவிழ்த்தது வளையல்காரரைப் பற்றிய நினைவு. அவர் திங்கட்கிழமை திங்கள்சந்தையில் இருப்பார், வெள்ளிக்கிழமை வெள்ளிச்சந்தையில் இருப்பார். வெள்ளிச்சந்தையும் அதே மாவட்டத்தில், சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்தான். மற்ற நாட்களில் வேறு சந்தைகள். பாட்டியும் ஆசிரியையும் கரும்பலகையில் அவருடைய பிழைப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

ஒரு கிராமத்தில் 50 வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வளையல் வாங்குவார்கள். அந்தக் கிராமத்திலேயே கடை போட்டு உட்கார்ந்தால் 90 நாளில் 50 வியாபாரம், அதாவது இரண்டு நாளைக்கு ஒன்று. சோற்றுக்குக் காணாது. ஆனால் ஒரு சந்தைக்குப் பத்துக் கிராமத்துக்காரர்கள் வருகிறார்கள், 500 வீடு. மூன்று மாதத்தில் 13 சந்தை நாள். 500 வியாபாரத்தை 13 நாளுக்குப் பிரித்தால், ஒரு சந்தை நாளில் 38 வியாபாரம். அதனால்தான் வாங்குபவர் வாரம் ஒருநாள் நடந்தார், விற்பவர் வாரம் முழுக்க நடந்தார். பக்கத்துப் பக்கத்துச் சந்தைகள் வேறு வேறு கிழமையில் கூடுவதும் இதற்காகத்தான். ஒரே நாளில் கூடினால் வளையல்காரர் ஒரு சந்தையை இழந்துவிடுவார்.

இனி அந்த வளையல்காரர் எப்போது நடப்பதை நிறுத்துவார்? சந்தையைச் சுற்றிலும் வீடுகள் பெருகி, அங்கேயே 500 வீடு ஆகிவிட்டால், 90 நாளில் 500 வியாபாரம், ஒரு நாளைக்கு ஐந்தாறு. சந்தை நாளில் வெளியூர்க் கூட்டம் தனி. அன்றைக்கு அவர் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி, ஓர் ஓலைக்கூரை போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த நாள்தான் சந்தை ஊராக மாறும் நாள்.

அவருக்கும் முன்பே உட்கார்ந்தவர்கள் உண்டு. தூரத்திலிருந்து வந்தவர்கள் முந்தின இரவே வந்து படுப்பார்கள், அவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச ஒருவர் வேண்டும். மாட்டுவண்டி வந்தால் லாடம் கட்டவும் பட்டை போடவும் கொல்லர் வேண்டும். விற்காத தேங்காயை அடுத்த வாரம் வரை பூட்டி வைக்க ஓர் அறை வேண்டும், அதற்குக் காவல் வேண்டும். இவர்களில் யாரும் செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போகமாட்டார்கள். அவர்கள் வீடே அதுதான்.

ஐந்தாவது விரிப்பும் ஆறாவது விரிப்பும் பிறந்தன:

*வளையல்காரர் திங்கள் இங்கே. செவ்வாய் அங்கே.*
*வெள்ளி இன்னோர் இடம். கால் வலிக்கிறது.*

*கஞ்சிக்கார அம்மா வீட்டுக்குப் போகவில்லை.*
*கொல்லர் தாத்தா வீட்டுக்குப் போகவில்லை.*
*வளையல்காரரும் உட்கார்ந்துவிட்டார். கூரை போட்டார்.*

இந்த இடத்தில் படத்தில் ஒரு பிழை தெரிந்தது. பையன் முதல் விரிப்பிலிருந்தே மரத்துக்குப் பின்னால் அழகுக்காக நாலு ஓட்டு வீடுகள் போட்டிருந்தான். அதைப் பார்த்த பிள்ளைகள், ஊர் முன்பே இருந்தது, சந்தை பிறகு வந்தது என்று புரிந்துகொண்டார்கள். வரி ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொன்னது. பிள்ளைகள் படத்தைத்தான் நம்புவார்கள். பாட்டி ஒரு விதி வைத்தார்: ஐந்தாவது விரிப்பு வரை மரத்தடியில் ஒரு கூரையும் இருக்கக் கூடாது. ஆறாவதில் மூன்றே கூரை. ஏழாவதில் எண்ண முடியாத அளவுக்குக் கூரைகள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகூடக் கூரைகளை எண்ணியே ஊர் வளர்ந்த கதையைப் பிடித்துக்கொள்ளும்.

*செவ்வாயும் ஆட்கள் வந்தார்கள். புதனும் வந்தார்கள்.*
*தெரு வந்தது. பள்ளி வந்தது. பேருந்து வந்தது.*
*நடுவில் அந்த மரம்.*

எல்லா ஊரும் இப்படியா?

பேத்தியின் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, “அப்போ நாகர்கோவிலும் சந்தையா?” என்று கேட்டாள். பாட்டி இதற்கும் பதில் வைத்திருந்தார். எல்லா ஊரும் சந்தையால் வந்ததல்ல. பக்கத்திலேயே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றி வந்த ஊர், திருவிதாங்கூர் ராஜாக்கள் அங்கேதான் இருந்தார்கள். குளச்சல் கப்பலும் வள்ளமும் ஒதுங்கும் துறையால் வந்த ஊர். நாகர்கோவில் பெயரே நாகராஜா கோயிலால் வந்தது. திங்கள்சந்தை கிழமையால் பெயர் பெற்ற ஊர். அடுத்தடுத்து இருக்கும் நாலு ஊருக்கு நாலு கதை. ராஜா கட்டிய ஊரும் உண்டு என்று தெரிந்தபோது, நோட்டில் எழுதியதை முழுவதும் அடிக்காமல் பத்மநாபபுரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பேத்தி சமாதானமானாள்.

கிழமைப் பெயர் வைத்த இடங்கள் வேறு எங்கே உண்டு என்று ஆசிரியை ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினார். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை. நாமக்கல் பக்கம் புதன்சந்தை. புனே நகரத்தில் ஏழு கிழமைக்கும் ஏழு பேட்டை. ஹங்கேரி நாட்டில் சோம்பாத்ஹெய் என்று ஒரு நகரம், அதன் பொருள் சனிக்கிழமை இடம். வரைபடத்தில் அதைக் காட்டியபோது பிள்ளைகள், அங்கேயும் மீன்காரி வருவாளா என்று கேட்டார்கள். அங்கே பக்கத்தில் கடல் இல்லை, வேறு ஏதாவது சுமந்து வந்திருப்பார்கள் என்று ஆசிரியை சொன்னார்.

பின்னட்டை

புத்தகம் தயாராகி, முதல் முறை வகுப்பில் வாசித்தபோது பிள்ளைகள் ஏழு விரிப்பையும் கடைசிவரை கேட்டார்கள். யாரும் பக்கத்தை முந்தித் திருப்பவில்லை. பாட்டிக்கு நிம்மதி. அப்போது பேத்தி கடைசி விரிப்பில் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். தெரு, பள்ளி, பேருந்து, வளையல் கடை, கஞ்சிக்கடை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பாட்டி, வாழைக்காரி எங்க?”

பையன் வாழைக்காரியை வரைய மறந்துவிட்டான். பாட்டி எழுதவும் மறந்துவிட்டார். மூன்று வாரமாகக் கணக்குப் போட்டு யார் யார் உட்கார்ந்தார்கள் என்று தேடியதில், உட்காராதவர் புத்தகத்திலிருந்து விழுந்துபோனார்.

அன்று இரவு பாட்டிக்குத் தூக்கம் வரவில்லை. வளையல்காரர் உட்காரலாம், அவர் சரக்கு பெட்டிக்குள் இருக்கிறது. கொல்லர் உட்காரலாம், அவர் வேலை அடுப்படியில் இருக்கிறது. வாழைக்காரி உட்கார முடியாது. அவள் சரக்கு மண்ணில் நிற்கிறது. கன்று நட்டு ஏத்தன் குலை வெட்டப் பத்துப் பதினோரு மாதம். தண்ணீர் விட வேண்டும், மண் அணைக்க வேண்டும், குலை தள்ளினால் முட்டு கொடுக்க வேண்டும். ஆகவே சந்தையை உண்டாக்கியவர்களில் ஒரு பாதிப் பேர் ஊர்க்காரர்கள் ஆனார்கள், மறு பாதிப் பேர் சாயங்காலம் திரும்பி நடந்தார்கள். அவர் அம்மா முப்பது வருஷம் அந்தச் சந்தைக்குப் போனார். அங்கே அவருக்கென்று ஒரு கூரை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

காலையில் பாட்டி பள்ளிக்குப் போய், பின்னட்டை வெறுமையாகத்தானே இருக்கிறது என்று கேட்டு, அதில் எழுதச் சொன்னார். பையன் மேலே படம் போட்டான். தூரத்தில் கூரைகள், நடுவில் ஒரு சுமைதாங்கி, இந்தப் பக்கம் வெறுங்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரும் ஒரு பெண், கூடையில் நாலே நாலு மீன். கீழே மூன்று வரி:

*வாழைக்காரி திரும்பி நடந்தாள்.*
*தோட்டத்தில் வேலை இருக்கிறது.*
*அடுத்த திங்கள் வருவாள்.*

பேத்தி அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பி, வாழைக்காரி தெற்கே நடக்கும் படத்தைப் பார்த்தாள்.

“மறுபடியும் முதல்லேருந்தா?”

“ஆமா மக்களே,” என்றார் பாட்டி. “எல்லா வாரமும்.”